ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ, அதிலிருந்து 2.3 கிலோ கரியமில வாயுவா?

மாட்டுத்தாவணி | ஜனவரி 11, இரவு 9.52

மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த தாளில் ஒரு வரி: "ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும்." அச்சுப்பிழை, 0.23 என்று இருந்திருக்கும் என்று சொல்லி நானே பேனாவால் அடித்துத் திருத்திவிட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

என் நியாயம் இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும், லிட்டருக்கு முக்கால் கிலோ தேறும். முக்கால் கிலோ சரக்கை எரித்தால் மிஞ்சுவது முக்கால் கிலோவுக்குள்தானே இருக்க வேண்டும்? ஒரு கட்டு விறகை எரித்தால் ஒரு முறம் சாம்பல்கூட வருவதில்லை. எரிவது என்றால் குறைவது. யாராவது நான் சொல்வதுதான் சரி என்று எழுதுங்கள், திரையைக் காட்டிவிட்டு வருகிறேன்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 11, இரவு 10.20

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. சொல்லப்போனால் அந்தத் தாளில் குறைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். கார்பன் அணுவின் எடை 12. அதோடு ஆக்சிஜன் இரண்டு சேர்ந்தால் 12 + 32 = 44. அதாவது கரி 12 கிராம் உள்ளே போனால் வாயு 44 கிராம் வெளியே வரும். பெட்ரோல் 745 கிராம் என்று வைத்தால் 745 × 44 ÷ 12 = 2,732 கிராம். 2.7 கிலோ. 2.3 தவறு.

அடுக்குமாடி_3B | ஜனவரி 11, இரவு 10.41

ஆமாம், இது காற்றைவிடக் கனமான வாயு. எங்கள் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கீழேயே தங்கி நிற்கிறது, காலையில் வண்டி எடுக்கப் போனால் தலை வலிக்கிறது. அசோசியேஷனில் சொல்லி ஃபேன் போட வைக்க முடியுமா?

மாட்டுத்தாவணி | ஜனவரி 11, இரவு 11.05

3B, அது வேறு கனம். நான் கேட்பது லிட்டருக்கு எத்தனை கிலோ என்று.

கணக்குப்பிள்ளை, நீங்கள் ஆக்சிஜனைச் சும்மா கூட்டிவிட்டீர்கள். அது எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து என்பீர்கள். சரி, நானும் அதையேதான் யோசித்தேன். பழைய வண்டி ஓட்டியவன், கார்புரேட்டர் ட்யூனிங் பார்த்தவன். பெட்ரோல் ஒரு பங்கு, காற்று ஏறத்தாழ 15 பங்கு என்று மெக்கானிக் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 15 லிட்டர் காற்று. ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம்தான். 15 லிட்டருக்கு 18 கிராம். முக்கால் கிலோவோடு 18 கிராம் சேர்ந்தால் 2.3 கிலோ ஆகுமா? நான் அடித்தது சரி என்றே இன்னும் நினைக்கிறேன்.

பட்டறைக்காரன் | ஜனவரி 12, காலை 6.30

15 பங்கு என்பது லிட்டர் கணக்கு இல்லை அண்ணே. எடைக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று.

லிட்டரில் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஒரு சின்ன அறை முழுக்க. ஏர் ஃபில்டர் ஏன் அத்தனை சீக்கிரம் அடைக்கிறது என்று நினைக்கிறீர்கள்? டேங்கைத் திறந்தால் பெட்ரோலைப் பார்க்கலாம், காற்றை யாரும் ஊற்றிப் பார்ப்பதில்லை. அதனால்தான் வண்டி பெட்ரோலில் மட்டும் ஓடுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வண்டி தின்பதில் பெட்ரோல் ஊறுகாய் மாதிரி, சோறு காற்றுதான்.

மாட்டுத்தாவணி | ஜனவரி 12, காலை 7.15

ஊறுகாய் உவமை படித்துவிட்டு இட்லி இறங்கவில்லை. ஒன்பதாயிரம் லிட்டர் என்பது நம்பும்படி இல்லை. மதியம் கணக்குப் போட்டுவிட்டு வருகிறேன்.

மாட்டுத்தாவணி | ஜனவரி 12, பிற்பகல் 2.40

போட்டேன். என்னிடம் இருப்பது 110 சிசி ஸ்கூட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது. மணிக்கு 45-இல் போனால் ஒரு லிட்டர் தீர ஒரு மணி நேரம். அந்த வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுற்று என்று வைத்துக்கொள்கிறேன். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். ஆக நிமிடத்துக்கு 2,250 இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் சிலிண்டர் முழுதாக நிறைந்தால் 110 மில்லி. பெருக்கினால் நிமிடத்துக்கு 247 லிட்டர், ஒரு மணிக்கு ஏறத்தாழ 15,000 லிட்டர்.

ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகி ஓட்டுவதில்லை, பாதி திறப்புதான். சிலிண்டர் முழுதாக நிறையாது. பதினைந்தாயிரத்தில் ஒன்பதாயிரம் என்றால் நூற்றுக்கு அறுபது. பொருந்துகிறது.

இந்த ஸ்கூட்டரை ஆறு வருடமாக ஓட்டுகிறேன். காலுக்குக் கீழே ஒரு மணி நேரத்தில் ஓர் அறைக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் லிட்டர் காற்றின் எடை 11 கிலோ. பட்டறைக்காரர் சொன்ன வழியில் போட்டாலும் 0.745 × 14.7 = 10.95 கிலோ. இரண்டு பக்கமிருந்து வந்தும் ஒரே இடத்தில் நிற்கிறது. காற்றின் எடையில் ஆக்சிஜன் நூற்றுக்கு 23. ஆக ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இரண்டரைக் கிலோ ஆக்சிஜன் கிடைக்கிறது. என் 18 கிராம் எங்கே, இது எங்கே.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 12, மாலை 5.10

அப்போது 2.7 கிலோதான் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

பட்டறைக்காரன் | ஜனவரி 12, இரவு 8.45

ஒத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப்பிள்ளை ஐயா பெட்ரோல் முழுவதையும் கரி என்று வைத்துவிட்டார். பெட்ரோல் என்பது ஹைட்ரோகார்பன், பெயரிலேயே இரண்டு ஆள் இருக்கிறார்கள். எடையில் கரி நூற்றுக்கு 86, 87. மீதி ஹைட்ரஜன். ஹைட்ரஜன் எரிந்தால் கரியமில வாயு ஆகாது, தண்ணீர்தான் ஆகும்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 12, இரவு 9.30

சரி, அதை விட்டுவிட்டேன். ஆனால் 44-க்கு 12 என்பது தவறில்லை.

மாட்டுத்தாவணி | ஜனவரி 12, இரவு 10.15

தவறில்லை, போட வேண்டிய இடம்தான் தவறு. திரும்பப் போடுகிறேன். 745 கிராமில் நூற்றுக்கு 86.5 கரி என்றால் 644 கிராம். அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,360 கிராம். மிச்சம் 100 கிராம் ஹைட்ரஜன். அது ஆக்சிஜனோடு சேரும்போது ஒன்பது மடங்காகிறது, 900 கிராம் தண்ணீர்.

வந்ததையும் போனதையும் சரிபார்த்தேன். உள்ளே போனது 0.745 பெட்ரோல், 2.5 ஆக்சிஜன். மொத்தம் 3.25 கிலோ. வெளியே வந்தது 2.36 வாயு, 0.9 தண்ணீர். மொத்தம் 3.26. கடைசி இலக்கம் தோராயத்தில் போனது. காற்றில் மிச்சமிருக்கும் எட்டரைக் கிலோ, பெரும்பாலும் நைட்ரஜன், வந்த வழியே சூடாகி வெளியே போய்விடுகிறது. கல்யாண வீட்டுக்கு மொய் வைக்காமல் வந்து போகிற கூட்டம்.

இன்னொன்று. தாளில் உள்ளது 2.3, எனக்கு வருவது 2.36. இந்த 60 கிராம் உறுத்துகிறது. பேனாவால் அடித்தவனுக்கு இப்படியாவது ஒரு பிடி வேண்டுமே.

அஞ்சறைப்பெட்டி | ஜனவரி 13, காலை 11.20

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீரா? எங்கள் காரில் காலையில் சைலன்சரிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. கீழே கைப்பிடி அளவு ஈரம். பழைய மெக்கானிக் ஒருவர் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இருபதாயிரம் ஆகும் என்றார். அதுதான் இதுவா?

பட்டறைக்காரன் | ஜனவரி 13, பிற்பகல் 1.05

பணம் கொடுக்காதீர்கள் அக்கா. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் பக்கத்து டப்பாவில் கூலன்ட் அளவைக் கோடு போட்டு வையுங்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். குறையவில்லை என்றால், சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வரவில்லை என்றால், புகையில் இனிப்பு வாடை இல்லை என்றால், அது பெட்ரோலில் பிறந்த தண்ணீர். குளிர்ந்த சைலன்சரில் பட்டு ஆவி தண்ணீராகிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டினால் குழாய் சூடாகி ஆவியாகவே போய்விடும், சொட்டாது.

சின்னத் தூரம் மட்டும் ஓடும் வண்டிக்குத்தான் இதில் தொல்லை. பள்ளிக்கூடம், கடை, வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் தண்ணீர் சைலன்சரின் வயிற்றிலேயே தங்கும். வெறும் தண்ணீர் இல்லை, புகையில் உள்ளதெல்லாம் கரைந்து கொஞ்சம் அமிலமாகவும் இருக்கும். உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், அடிப்பகுதி வளைவில் ஒரு நாள் விரல் நுழையும்.

அஞ்சறைப்பெட்டி | ஜனவரி 13, மாலை 6.40

கோடு போட்டுவிட்டேன். இன்னொரு சந்தேகம். கேஸ் சிலிண்டரும் இப்படித்தானா? 14.2 கிலோ எங்கள் வீட்டில் நாற்பது நாள் வரும்.

மாட்டுத்தாவணி | ஜனவரி 13, இரவு 9.00

அதே கணக்குதான். புரொப்பேன், பியூட்டேன் இரண்டுக்குமே ஒரு கிலோவுக்கு மூன்று கிலோ வாயு வருகிறது. 14.2 கிலோ சிலிண்டருக்கு 42, 43 கிலோ கரியமில வாயு. அதற்கு மேல் 22 கிலோ தண்ணீர் ஆவி. நாற்பது நாளில் இரண்டு குடம் தண்ணீரை அடுப்பே சமையலறைக்குள் விடுகிறது, குழம்பு கொதிக்கும் ஆவி இதில் சேர்த்தி இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கும்போது சுவர் ஏன் வேர்க்கிறது என்று அம்மா கேட்டதற்கு இருபது வருடம் கழித்துப் பதில் கிடைத்தது.

மாட்டுத்தாவணி | ஜனவரி 14, காலை 8.10

பொங்கலுக்கு முதல் நாள், வெளியே போகி நெருப்பு. பழைய பாய், முறம் எல்லாம் எரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது ஏன் எனக்கு இது இத்தனை நாள் புரியவில்லை என்று தோன்றியது. சாம்பல் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதுதான் மிச்சம் என்று நினைக்கிறோம். புகையோடு போனதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. பாய் நான்கு கிலோ என்றால் வானத்தில் ஏறியது நான்கு கிலோவைத் தாண்டியிருக்கும்.

மேலே முதல் பதிவில் "எரிவது என்றால் குறைவது" என்று எழுதியதை எடுக்காமல் விட்டுவைக்கிறேன். இருக்கட்டும்.

பழைய_பேப்பர் | ஜனவரி 14, பிற்பகல் 12.30

வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பாவின் வேதியியல் மேதைகளே நூறு வருடம் உங்களைப் போலத்தான் நினைத்தார்கள். எரியும் பொருளுக்குள் ஃப்ளாஜிஸ்டன் என்று ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது என்பது கொள்கை. உலோகத்தைச் சுட்டால் எடை கூடுகிறதே என்று கேட்டால், ஃப்ளாஜிஸ்டனுக்கு எடை மைனஸ் என்று சொன்னவர்களும் உண்டு. 1772-இல் பாரிஸில் லவோசியே கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்து, எடை கூடுகிறது, காற்றிலிருந்துதான் வருகிறது என்று எழுதி, முத்திரை வைத்த உறையில் அகாதமியில் கொடுத்து வைத்தார். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்று. உங்களுக்கு ஒரு மகள், அவருக்கு ஒரு அகாதமி.

மாட்டுத்தாவணி | ஜனவரி 14, இரவு 10.50

மைனஸ் எடை எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே, முதல் நாளே சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

மகள் பேசிவிட்டாள். ஒரு நிபந்தனை. எரித்தால் எடை கூடுவதைக் கண்ணால் காட்ட வேண்டும். பெட்ரோலை வைத்து வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இரும்பு நாரை எரிக்கலாம், அது புகையாகப் போகாமல் தட்டிலேயே நிற்கும் என்று படித்தேன். நாளைக்கு.

மாட்டுத்தாவணி | ஜனவரி 15, இரவு 7.20

தோல்வி. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துத் தீக்குச்சி வைத்தேன். சிவந்தது, அணைந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி அணைந்தது. சமையலறைத் தராசில் 8 கிராம், முன்பும் பின்பும். மகள் ஒன்றும் சொல்லாமல் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

பட்டறைக்காரன் | ஜனவரி 15, இரவு 8.00

பாத்திரக் கடை நார் ஸ்டெயின்லெஸ். அதில் குரோமியம் இருக்கும், துருவும் பிடிக்காது, நெருப்பும் பிடிக்காது. ஹார்டுவேர் கடையில், மர பாலிஷ் செய்கிறவர்கள் வாங்கும் ஸ்டீல் வுல் கேளுங்கள். ஜீரோ எத்தனை கூடுகிறதோ அத்தனை மெல்லிசு. பஞ்சு மாதிரி பிரித்து விடுங்கள், அமுக்கி வைத்தால் உள்ளே காற்று போகாது.

தராசும் மாற்றுங்கள். ஒரு கிராமுக்குக் குறைந்ததை அது காட்டாது.

மாட்டுத்தாவணி | ஜனவரி 18, மாலை 4.35

நகைக்கடைக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் தராசு ஒன்று நண்பரிடம் வாங்கினேன், 0.01 கிராம் காட்டுவது. டிபன் டப்பா மூடி ஒன்றில் பிரித்த நாரை வைத்தேன். மூடி 61.30, நாரோடு 65.42. அதாவது நார் 4.12 கிராம். மொட்டை மாடி, தரையில் டைல்ஸ், பக்கத்தில் வாளித் தண்ணீர். 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையையும் நாரில் தொட்டதும் பொறி ஊர்ந்தது. தீயாக எரியவில்லை, ஆரஞ்சு எறும்புகள் நாரின் மேல் ஓடுவதுபோல் ஓடியது. அணைகிற இடத்தில் மகள் மெல்ல ஊதினாள், திரும்பப் பிடித்தது.

அணைந்ததும் அவசரப்பட்டு அப்படியே தராசில் வைத்தேன். 65.3, 65.2 என்று குறைந்துகொண்டே போனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மகள் "அப்பா சொன்னதுதான் சரியோ" என்றாள், அந்தக் குரலில் மரியாதை இல்லை. பிறகு புரிந்தது. மூடி சூடாக இருக்கிறது, மேலே எழும் வெப்பக் காற்று மூடியையும் கொஞ்சம் தூக்குகிறது. தராசும் சூட்டில் தடுமாறுகிறது. கால் மணி நேரம் ஆறவிட்டோம்.

65.96.

அரை கிராம் கூடியிருக்கிறது, சரியாகச் சொன்னால் 0.54. நாரின் எடையில் நூற்றுக்கு 13. முழுதாக எரிந்தால் நூற்றுக்கு 38 வரை கூட வேண்டும், நடுவில் எரியாத நார் நிறைய மிஞ்சியிருந்தது, கொஞ்சம் பொறியாகத் தெறித்தும் போனது. ஆனாலும் கூடியது கூடியதுதான். தாளில் நான் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் 2.3 என்று திரும்ப எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 19, காலை 9.40

நல்லது. ஆனால் உங்கள் பெட்ரோல் கணக்கில் ஒரு ஓட்டை. எல்லாக் கரியும் கரியமில வாயுவாகவா ஆகிறது? பாதி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. அதில் ஆக்சிஜன் ஒன்றுதான், எடை குறையும். வண்டியை நன்றாக ட்யூன் செய்தால் கரியமில வாயுவும் குறையும் என்றுதானே சொல்கிறார்கள்.

பட்டறைக்காரன் | ஜனவரி 19, இரவு 8.20

லிட்டர் கணக்கில் தலைகீழ். புகை சோதனை மையத்தில் சைலன்சருக்குள் குழாயை விடுகிறார்களே, அதில் நான்கு வாயு காட்டும் மீட்டர் என்றால் கரியமில வாயுவும் தெரியும். நன்றாக எரியும் பெட்ரோல் இன்ஜினில் அது 14 சதவீதத்துக்கு மேல் நிற்கும், மோனாக்சைடு அரை சதவீதம்கூட இருக்காது. மீட்டரில் கரியமில வாயு 11, 12 என்று இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது. பெட்ரோல் அதிகம் போகிறது, ஸ்பார்க் ஒழுங்காக இல்லை, அல்லது சைலன்சரில் எங்கோ ஓட்டை, வெளிக்காற்று கலக்கிறது. ட்யூன் செய்தால் அந்த எண் ஏறும். குறைவது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பது, ஏனென்றால் அதே தூரத்துக்குப் பெட்ரோல் குறைவாகப் போகும்.

3B, உங்கள் தலைவலி இதைச் சேர்ந்தது. கீழே தங்கும் வாயு இல்லை, குளிர்ந்த இன்ஜின் விடும் மோனாக்சைடு. அது காற்றைவிடக் கனம் இல்லை, எங்கும் பரவும். யாராவது பேஸ்மென்டில் வண்டியை ஆன் செய்து வைத்துவிட்டு நிற்கிறார்களா பாருங்கள். ஃபேன் போடச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அடுக்குமாடி_3B | ஜனவரி 20, காலை 7.50

இரண்டாவது மாடிக்காரர். தினமும் பத்து நிமிடம் "வார்ம் அப்". இன்று மீட்டிங்கில் வைக்கிறேன்.

மாட்டுத்தாவணி | ஜனவரி 21, இரவு 9.15

அந்த 60 கிராம் உறுத்தல் போகாமல் இன்று பங்க்குக்குப் போனேன். அடர்த்தி பார்க்க வேண்டும் என்று கேட்டால் காட்டுவார்கள், அது நம் உரிமை. பையன் முதலில் முறைத்தான், மேனேஜர் வந்து கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்து ஹைட்ரோமீட்டரையும் தெர்மோமீட்டரையும் இறக்கினார். மீட்டர் 734-இல் நின்றது, சூடு 31 டிகிரி. பிறகு ஒரு அட்டவணையைப் பார்த்து, 15 டிகிரிக்கு மாற்றினால் 748 என்று பதிவேட்டில் எழுதினார்.

நான் வைத்திருந்த 745 இந்த 15 டிகிரிக் கணக்கு. நம் ஊர் சூட்டில் பெட்ரோல் விரிந்துவிடுகிறது, ஒரு லிட்டருக்குள் 14 கிராம் குறைவாகத்தான் நிற்கிறது. 734 வைத்துப் போட்டால் வாயு 2.33 கிலோ. தாளில் உள்ள 2.3 வந்துவிட்டது. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பட்டறைக்காரன் | ஜனவரி 21, இரவு 10.05

சொல்லாதீர்கள். பங்க் மெஷினில் E20 என்று ஒட்டியிருந்ததா?

மாட்டுத்தாவணி | ஜனவரி 21, இரவு 10.12

ஒட்டியிருந்தது.

பட்டறைக்காரன் | ஜனவரி 21, இரவு 10.30

அப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலில் கரி பாதிதான், நூற்றுக்கு 52. நூற்றுக்கு 35 ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிற விருந்தாளி, நம் வீட்டில் குறைவாகச் சாப்பிடுவார். இந்தக் கலவைக்கு 14.7 பங்கு காற்று தேவையில்லை, பதின்மூன்றரை போதும். உங்கள் 86.5 இங்கே செல்லாது.

மாட்டுத்தாவணி | ஜனவரி 21, இரவு 11.40

தூக்கம் போச்சு. சுத்த எத்தனால் ஒரு லிட்டர் எரிந்தால் ஒன்றரைக் கிலோ வாயு. கலவையில் கரி நூற்றுக்கு 79 வருகிறது. 734 × 0.79 × 44 ÷ 12 = 2,126 கிராம். அதாவது நான் இன்று போட்ட பெட்ரோலுக்கு 2.1 கிலோ. 2.3 என்பது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 22, காலை 8.15

2.1-உம் இல்லை. எத்தனால் கரும்பிலிருந்து வருகிறது. கரும்பு அந்தக் கரியைப் போன வருடக் காற்றிலிருந்துதான் எடுத்தது. அதைச் சேர்க்கவே கூடாது. பெட்ரோல் பங்கை மட்டும் போடுங்கள், 1.9-க்குக் கீழே வரும்.

மாட்டுத்தாவணி | ஜனவரி 22, காலை 8.50

சைலன்சருக்கு அது கரும்புக் கரி, இது கிணற்றுக் கரி என்று தெரியாது. எடை என்றால் எடை. யார் கணக்கில் எழுதுவது என்பது வேறு பஞ்சாயத்து.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 22, காலை 9.05

அந்தப் பஞ்சாயத்துதான் முக்கியம்.

பட்டறைக்காரன் | ஜனவரி 22, பிற்பகல் 1.30

கரும்புக்குப் போட்ட உரம், இறைத்த டீசல் மோட்டார், ஆலையில் காய்ச்சிய சூடு இதையெல்லாம் யார் எழுதுவது? என்னிடம் வருகிறவர்கள் மைலேஜ் இரண்டு, மூன்று கிலோமீட்டர் குறைந்தது என்கிறார்கள். லிட்டருக்கு வாயு குறைகிறது, லிட்டர் கூடுகிறது. கிலோமீட்டருக்குப் பார்த்தால் சைலன்சர் முனையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

மாட்டுத்தாவணி | ஜனவரி 22, இரவு 9.30

இதில் நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் பட்டறைக்காரர் பக்கம் இருந்தேன், மாலையில் கணக்குப்பிள்ளை சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்று படுகிறது.

தாளை மகளிடம் கேட்டேன், 2.3-ஐ அடித்து 2.1 என்று எழுதலாமா என்று. தரவில்லை. போன வாரமே கொடுத்துவிட்டாளாம். பேனாவைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

அஞ்சறைப்பெட்டி | ஜனவரி 23, மாலை 5.20

பத்து நாள் ஆயிற்று. கூலன்ட் கோட்டிலேயே நிற்கிறது. சைலன்சர் அடியில் விரலால் அழுத்திப் பார்த்தேன், நுழைந்துவிட்டது.

பட்டறைக்காரன் | ஜனவரி 23, இரவு 8.10

வண்டியைக் கொண்டு வாருங்கள் அக்கா. பட்டி வைத்து அடைக்காதீர்கள், வெல்டிங்தான்.